கையால் சொன்ன பரமண்டல ஜெபம்

பிப்ரவரி 4, ஞாயிறு

பிரசங்கம் நீளம். திருவிருந்து ஆரம்பிக்கும் முன் எழுந்து வந்துவிட்டேன். விடியலில் ஆட்டிய தோசை மாவைப் பத்து மணிக்குள் குளிர்பெட்டிக்குள் தள்ளாவிட்டால் பொங்கிப் புளித்துவிடும். மாவு விற்கிறவளுக்கு ஞாயிறு ஏது, பண்டிகை ஏது.

மகள் ஹெப்சிபா வழக்கம்போல என்னோடு வரவில்லை. திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் வாங்கக் கடைசி ஆள் முழங்கால் போடும்வரை பின்பெஞ்சில் இருந்து பார்த்துவிட்டுத்தான் வருவாள். இருபத்துமூன்று வயதாகிறது. பார்க்க மட்டும்தான் அவளுக்கு அனுமதி.

மத்தியானம் எங்கள் சபையின் புதுப் போதகர் வீட்டுக்கு வந்தார். மனாசே ஐயர். பனைவிளைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. மாவுப் பொட்டலங்களுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"எம்மா, மார்ச் பதினேழாந்தேதி பேராயர் ஐயா திடப்படுத்த வாராங்க. பதினோரு பேரு பேர் குடுத்திருக்காவ. ஒங்க மகள ஏன் சேக்கல?"

"அவளுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது ஐயரே."

"தெரியும். அதுக்கு?"

அதுக்கு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பெற்றவர்கள் சொன்ன வாக்கை, பிள்ளை வளர்ந்து தானே சொல்வதுதான் திடப்படுத்தல். பேராயர் தலையில் கை வைப்பார். அதற்குப் பிறகுதான் திருவிருந்து. வாக்கை வாயால் சொல்லவேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

"எங்கிட்ட சலுகை கெடையாது," என்றார் ஐயர். "எல்லாரும் ஆண்டவரே சொல்லித்தந்த பரமண்டல ஜெபத்தச் சொல்லணும். ஒவ்வொரு வரியும் ஆண்டவர்ட்ட என்ன கேக்குன்னு சொந்தமாச் சொல்லணும். மனப்பாடம் கிளிக்குங்கூட வரும். ஒங்க மக கையால சொல்லட்டும், நீங்க அத வாயால சொல்லுங்க. பதினாறாந்தேதி கமிட்டி முன்னால பரீட்ச."

பேராயர் எங்கள் பக்கம் மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். இதை விட்டால் அவளுக்கு இருபத்தாறு வயதாவது ஆகிவிடும்.

சபைக் கமிட்டியின் செயலாளர் யாரென்று இங்கே எழுதி இந்தப் பக்கத்தைக் கெடுக்க மாட்டேன். எங்கள் சுவருக்கு மேற்கே இருக்கிற மேலவீட்டுக்காரர். அவ்வளவு போதும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

மாவு விற்று முடிந்த பிறகு ஆரம்பித்தோம். அவள் படித்த பள்ளியில் உதட்டைப் பார்த்துப் பேசத்தான் பழக்கினார்கள். சைகை அவள் தோழிகளிடம் கற்றது பாதி, நானும் அவளும் வீட்டில் உண்டாக்கியது பாதி. போனில் பட்டணத்துச் சபைகளில் கையால் ஜெபிக்கிற வீடியோ இரண்டு பார்த்தாள். அழகாக இருக்கிறது, ஆனால் அது அவங்க கை, எனக்கு என் கை வேணும் என்று சொல்லிவிட்டாள். என் மகள்தானே, வேறு எப்படி இருப்பாள்.

முதல் வார்த்தையிலேயே அடி வாங்கினேன். நான் நெஞ்சைத் தொட்டு "அப்பா" என்று காட்டினேன். ஹெப்சி ஜெபப்புத்தகத்தில் விரலை வைத்தாள். "எங்கள் பிதாவே." பிறகு பக்கம் முழுவதும் விரலை ஓட்டி, உதட்டைப் பிதுக்கினாள். "நான்" எங்கே? தேடினேன். ஐம்பது வருஷமாகச் சொல்கிற ஜெபம், அதில் ஒரு இடத்திலும் "நான்" இல்லை, "என்" இல்லை. எல்லாம் எங்கள், எங்களுக்கு, எங்களை. கதவை அடைத்துத் தனியாக ஜெபி என்று சொன்ன அதே ஆண்டவர்தான், தனியாக நிற்கிறவன் வாயிலும் "எங்கள்" என்று வைத்திருக்கிறார்.

"எங்கள்" என்றால் கையால் ஒரு வட்டம். அவள், நான், தெரு, கோயில் என்று சுற்றிக்கொண்டே போன கை மேலவீட்டுச் சுவரைத் தாண்டப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன். வட்டம் சின்னதாக இருந்தால் போதும், தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அதுதான் தெளிவாகத் தெரியும் என்றேன்.

பிதாவுக்கு அவள் அப்பாவுக்கு வைத்திருந்த சைகைதான். மீசையை முறுக்குவது. என் வீட்டுக்காரர் தேவஇரக்கம் போய் நான்கு வருஷம் ஆகிறது, அந்தச் சைகையை இந்த வீட்டில் யாரும் செய்து நாளாயிற்று. ஹெப்சி மீசையை விட்டுவிட்டு, தலையை வருடுகிற கையை வைத்தாள். அந்தக் கையை அப்படியே மேலே உயர்த்தினாள். பக்கத்தில் இருக்கிறார், உயரத்திலும் இருக்கிறார். நல்லாயிருக்கு என்றேன். அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

பிப்ரவரி 10, சனி

அரிசி இரண்டு மூட்டை இறங்கியது. உளுந்தில் கல். கடைக்காரனைக் கிழித்துவிட்டேன்.

"உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக." பரிசுத்தத்துக்கு நான் துணி துவைப்பதுபோல் தேய்த்துக் காட்டினேன். ஹெப்சி சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து ஓடியது.

"ஆண்டவர் பேரு அழுக்கா? நீ வெளுத்துக் குடுக்கப்போறியா?" என்று கையால் கேட்டாள்.

ஐயரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னார், "கெசியாம்மா, அவரு பேரு ஏற்கனவே பரிசுத்தந்தான். நாம அதுல ஒண்ணுங் கூட்ட முடியாது. அந்தப் பேருக்குரிய மரியாத எங்க நடுவுல, எங்க நடத்தையில கெடைக்கட்டும்னுதான் கேக்கோம். அப்பன் பேர மகன் கெடுக்காம இருக்க மாதிரி."

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஹெப்சி யோசித்து, நெற்றியில் ஒரு பெயர் எழுதினாள், தன் நெற்றியில். பிறகு கைகளைக் கூப்பி நிமிர்ந்து நடந்து காட்டினாள். பெயரைச் சுமக்கிறவர்கள் ஒழுங்காக நடக்கட்டும்! எனக்கு மெய் சிலிர்த்தது.

இன்று தண்ணீர்த் தொட்டி காலியாக இருக்கும் என்று பயந்தேன். நிறைந்திருந்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றின் மோட்டார் மேலவீட்டுப் பக்கம் இருக்கிறது. யார் போட்டார்களோ, எனக்கென்ன.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

லெந்து என்கிற தவக்காலம் ஆரம்பம். நாற்பது நாள் கறிமீன் இல்லை, அதனால் மாவு வியாபாரம் கூடுதல்.

"உம்முடைய ராஜ்யம் வருவதாக." தலையில் கிரீடம் வைத்துக் காட்டினேன். சரி, ராஜா. ஆனால் ராஜ்யம் எங்கே இருக்கிறது, நாம் போகிறோமா, அது வருகிறதா என்றாள். செத்தபின் நாம் போகிற இடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். புத்தகத்தில் "வருவதாக" என்று தெளிவாக இருக்கிறது! ராஜ்யம் என்றால் ஊர் அல்ல, அவருடைய ஆளுகை என்கிறார் ஐயர். இப்போது மனுஷருடைய நெஞ்சில் வரட்டும், கடைசியில் முழுசாக வரட்டும் என்று கேட்கிறோமாம். மேலேயிருந்து கிரீடத்தை இறக்கி எங்கள் நடுவில் வைப்பதாக ஹெப்சி முடிவு செய்தாள்.

ராஜா வந்தால் முதலில் சங்கடப்படப்போவது யார்? இங்கே ராஜா மாதிரி கமிட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்கள்தான். இதையும் சைகையில் சேர்க்கலாமா என்று கேட்டேன். ஹெப்சி என் கையில் ஒரு அடி வைத்தாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

சீக்கிரம் வந்துவிட்டேன். மாவு.

பிப்ரவரி 23, வெள்ளி

மூன்றாவது விண்ணப்பம் எனக்குப் பிடிக்காதது. "உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக." தேவஇரக்கம் செத்த அன்று வீட்டுக்குள் நுழைந்த ஒவ்வொரு வாயும் தேவசித்தம், தேவசித்தம் என்றுதான் சொன்னது. ஆகவே நான் தலையைத் தொங்கப்போட்டு, கைகளைக் கட்டி, பெருமூச்சு விட்டுக் காட்டினேன்.

ஹெப்சி முகம் சுளித்தாள். "இது சாவு வீடு."

"சித்தம்னா அதான்டி. நடக்கது நடக்கட்டும்னு அடங்கிப் போறது."

அவள் புத்தகத்தைத் தட்டினாள். "பரமண்டலத்தில சாவு இருக்கா?"

இல்லை.

"அழுகை?"

இல்லை.

"அங்க நடக்கிற மாதிரிதானே இங்க நடக்கணும்னு கேக்குது. அப்ப இது அடங்கிப்போற ஜெபம் இல்லையே!"

நான் மாவுக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவரே இந்த வரியை வியர்வை சிந்திச் சொன்னார். அடங்கியதும் உண்டுதான். ஆனால் அவர் அடங்கினது வேலை செய்து முடிக்க, மூலையில் உட்கார அல்ல. இப்போது இந்த வரிக்கு ஹெப்சி எழுந்து நிற்கிறாள், மேலே நடக்கிறதைப் பார்க்கிறாள், முழங்கை வரை சட்டையைச் சுருட்டுகிறாள், கையை மண்ணை நோக்கி இறக்குகிறாள். நான்கு வருஷமாக என் தொண்டையில் நின்ற ஒரு வரி இன்று இறங்கியது. அழுதேன், நன்றாகவே அழுதேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

இதுவரை வந்ததெல்லாம் "உம்முடைய". பேர், ராஜ்யம், சித்தம். இன்றைக்குத்தான் "எங்களுக்கு" வருகிறது. முதலில் அவர் காரியம், பிறகு நம் வயிறு. நான் ஜெபித்தால் வயிற்றில்தான் ஆரம்பிப்பேன்.

"எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." இது எனக்குச் சொல்லித்தரவே வேண்டாம். மாவுக்காரிக்கு "இன்று" தெரியும். இன்றைய மாவு இன்றைக்கு, சேர்த்து வைத்தால் புளிக்கும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் மறுநாளைக்குச் சேர்த்து வைத்த வானத்து அப்பமான மன்னாவில் புழு வைத்ததே, அதுதான். அந்த "வேண்டிய" என்கிற இடத்தில் மூல பாஷையில் இருக்கிற சொல் அபூர்வமானதாம். அன்றாடத்துக்கு என்றும் சொல்கிறார்கள், தேவையான அளவு என்றும் சொல்கிறார்கள், வரப்போகிற நாளுக்கு என்றும் சொல்கிறார்கள் என்றார் ஐயர். எப்படிப் பார்த்தாலும் குளிர்பெட்டி நிறைய என்று அர்த்தம் இல்லை.

ஆகாரத்துக்கு நான் இட்லியைப் பிட்டுக் காட்டினேன். ஹெப்சி அரிசி, உளுந்து, உப்பு என்று காட்டிக்கொண்டே வந்து, எழுந்து போய் தண்ணீர்த் தொட்டியைக் கையால் தட்டினாள்.

"தண்ணியும் ஆகாரந்தான். தினம் காலைல யாரு மோட்டார் போடுறது, தெரியுமா? எனக்குத் தெரியும். நான் ஜன்னல்ல பார்ப்பேன்."

நான் உளுந்து களையத் திரும்பிக்கொண்டேன். முதுகைக் காட்டினால் அவளால் பேச முடியாது. அது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் திருவிருந்து. வாசலில் ஐயர் பிடித்துக்கொண்டார்.

"நிக்கலியாம்மா?"

"மாவு புளிச்சிரும் ஐயரே."

"ஏழு வருஷமாப் புளிக்குதாமே அந்த மாவு?"

யார் சொன்னது என்று கேட்காமல் வந்துவிட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

மார்ச் 5, செவ்வாய்

அடுத்த வரி நடத்தினேன். "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." கடன் என்றால் பணமல்ல, ஆண்டவருக்குச் செலுத்தவேண்டியதைச் செலுத்தாத பாவம். லூக்கா எழுதின சுவிசேஷத்தில் "பாவங்களை" என்றே இருக்கிறது. சைகைக்கு, கழுத்தில் ஒரு கயிறு, அதை ஆண்டவர் அவிழ்த்துவிடுகிறார். பத்து நிமிஷத்தில் முடித்தேன். சுலபம்.

மார்ச் 7, வியாழன்

சுலபமில்லை. ஹெப்சி புத்தகத்தோடு வந்தாள். "நடுவில ஒண்ணை விட்டுட்ட."

"கைல காட்டக் கஷ்டம். ஐயரு கேக்க மாட்டாரு."

"எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல," என்று ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்தாள். ஜெபம் முழுவதிலும் நாம் செய்கிற வேலை என்று ஒன்று இருப்பது இந்த இடத்தில் மட்டும்தானாம். ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்து முடித்ததும் ஆண்டவர் திரும்ப எடுத்து விளக்கினது இந்த ஒரு வரியை மட்டும்தான். மன்னித்தால் மன்னிப்பார், மன்னியாவிட்டால் அவரும் மாட்டார். அடுத்த வசனத்திலேயே இருக்கிறது என்று காட்டினாள். எனக்குத் தெரியாதா? ஞாயிறுபள்ளியில் பரிசு வாங்கினவள் நான்.

"யாரு நம்ம கடனாளி?" என்றாள். கேட்டுவிட்டு மேற்குச் சுவரைப் பார்த்தாள்.

சரி. எழுதிவிடுகிறேன். ஹெப்சிக்குப் பதினாறு வயது. அந்த வருஷம் திடப்படுத்தலுக்குப் பிள்ளைகளிடம் ஜெபம் கேட்டது மேலவீட்டுக்காரர். அவளும் போய் நின்றாள். எத்தனையோ மாதம் என் தொண்டையைத் தொட்டுப் பார்த்துப் பழகி, தன் சத்தத்தில் ஜெபத்தைச் சொன்னாள். அவள் சத்தம் அவளுக்கே கேட்காது, எப்படி இருக்கும்? பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் எழுந்து, "வாயில வார்த்தையா வராதது ஜெபமா? நிறுத்தச் சொல்லு," என்றார். சபை முன்னால். சொந்தத் தம்பி மகளை. பட்டியலில் அவள் பேரை அடித்தார். அன்றைக்குப் பிறகு அவள் வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னதேயில்லை.

நான் அவரை அத்தான் என்று கூப்பிட்டதும் இல்லை, அவரோடு பேசியதும் இல்லை. என் வீட்டுக்காரரின் சவப்பெட்டியை அவர் தோளில் தூக்கினபோதும் பேசவில்லை.

ஹெப்சி கயிற்றைத் திரும்பக் காட்டினாள். இப்போது இரண்டு கயிறு. ஒன்று என் கழுத்திலிருந்து ஆண்டவர் கைக்குப் போகிறது. இன்னொன்று மேலவீட்டுக்காரர் கழுத்திலிருந்து என் கைக்கு வருகிறது. "நீ உன் கையை மூடி வச்சுக்கிட்டு, ஆண்டவரைக் கையைத் திறங்கன்னு கேக்க."

"அவரு செஞ்சது சரியாட்டி?"

"தப்பு. தப்பு இல்லைன்னா மன்னிக்க என்ன இருக்கு?"

"நீ விட்டுட்டியா?"

"ரெண்டு வருஷம் பிடிச்சிருந்தேன். கை வலிச்சுது. விட்டுட்டேன்."

"நம்ம மன்னிச்சு, அதுக்குக் கூலியா ஆண்டவரு மன்னிப்பாராக்கும்?"

"கூலி இல்ல. மூடின கையில எப்படி வாங்குவ?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இன்று ஆட்டிய மாவில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. யாரும் வாங்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

"எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல், தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்." ஆண்டவரே மனுஷனைப் பாவத்துக்கு இழுப்பாரா என்று ஹெப்சி கேட்டாள். இழுக்க மாட்டார், அவர் ஒருவரையும் பொல்லாங்குக்குச் சோதிக்கிறவர் அல்ல என்று யாக்கோபு நிருபத்தில் இருக்கிறது. நாங்கள் பலவீனர், தாங்க முடியாத இடத்தில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தாதேயும், தீயவன் கையில் விட்டுவிடாதேயும் என்கிற கூப்பாடு இது. "நாங்க பெரிய சூரங்க இல்ல" என்று ஒத்துக்கொள்கிற வரி. சைகையில் வழுக்கும் வரப்பு, பிடித்து இழுக்கிற ஒரு கை.

கடைசியில் "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே, ஆமென்." பழைய கையெழுத்துப் பிரதிகளில் இந்த வரி இல்லையாம். லூக்காவிலும் இல்லை. ஆதிச் சபையார் ஜெபித்து ஜெபித்துத் துதியாகச் சேர்ந்தது என்றார் ஐயர். கேட்டு முடித்த பிள்ளை நன்றி சொல்லாமல் இறங்கிப் போகுமா, அதுதான். ஆமென் என்றால் அப்படியே ஆகட்டும். ஹெப்சி இரண்டு கையையும் விரித்து எல்லாவற்றையும் மேலே திருப்பிக் கொடுக்கிறாள்.

இதெல்லாம் சரி. என் தலையில் ஓடுகிறது வேறு. சனிக்கிழமை அவள் கையால் சொல்வதை வாயால் சொல்லப்போகிறவள் நான். அந்த அறையில் அவள் கை புரிகிற ஆள் நான் ஒருத்தி. அந்த அரை வரியை மட்டும் மெல்லத் தாண்டிவிட்டால் யாருக்குத் தெரியும்?

சோதனை வரியை நடத்தின அன்றைக்கே இது வந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 16, சனி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நாலு மணிக்குப் பரீட்சை. கோயில் பக்கத்து அறையில் ஐயர், கமிட்டியார் ஐந்து பேர், நடுவில் மேலவீட்டுக்காரர், மடியில் பெயர்ப்பட்டியல். மற்றப் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பித்து, விளக்கம் கேட்டதும் விழித்தார்கள். ஹெப்சி கடைசி.

அவள் ஆரம்பித்தாள். நான் அவள் பக்கத்தில் நின்று வாயால் சொன்னேன். வட்டம் போட்டாள், என் சின்ன வட்டம் இல்லை. கையை நீட்டி அறை முழுவதையும், மேலவீட்டுக்காரரையும் உள்ளே இழுத்தாள். நெற்றியில் பெயர் எழுதினாள். கிரீடத்தை இறக்கி நடுவில் வைத்தாள். சட்டைக்கையைச் சுருட்டினாள். ஐயர் ஒவ்வொன்றுக்கும், "இது என்னம்மா கேக்கு?" என்றார், அவள் சொன்னாள், நான் சொன்னேன். ஆகாரத்துக்கு வந்தபோது இட்லி, அரிசி, உளுந்து, பிறகு தண்ணீர். தண்ணீர் என்றபோது மேலவீட்டுக்காரரைப் பார்த்துக் கும்பிட்டாள். அவர் பட்டியலைக் குனிந்து பார்த்தார்.

பிறகு அந்த வரி. ஹெப்சி இரண்டு கயிற்றையும் காட்டினாள். ஒரு நுனியை அவர் கழுத்துக்கு நேரே வைத்தாள். இன்னொரு நுனியைத் தன் கையில் வைக்கவில்லை, என் கையைப் பிடித்து என் கையில் வைத்தாள்! என் விரல்களை மூடினாள். மூடிவிட்டு நின்றாள்.

நான் சொன்னேன், "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்."

அவள் தலையசைத்தாள். இல்லை. என் உதட்டை வாசிப்பாள் என்பதை நான் மறந்துபோனேன்.

"என்னம்மா நிக்கா?" என்றார் ஐயர்.

ஹெப்சி அசையவில்லை. மேலே போகவும் இல்லை. இப்படியே நின்றால் பேர் போய்விடும், இன்னும் மூன்று வருஷம். அவளுக்கும் அது தெரியும். தெரிந்துதான் நின்றாள். என் மகளுடைய அப்பமும் ரசமும் என் மூடின கையில் இருந்தது.

என் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. எனக்கு! தெருவே கேட்கிற மாதிரி மாவு கூவி விற்கிற எனக்கு! அன்றைக்கு ஹெப்சிக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. மறுபடி திறந்தேன்.

"எங்கள்... எங்கள் கடனாளிகளுக்கு..." அவர் நிமிர்ந்தார். நான் அவரையே பார்த்தேன். "அத்தானுக்கு... நாங்கள் மன்னிக்கிறதுபோல."

விரல் திறந்துவிட்டது. திறக்க வேண்டும் என்று நான் நினைத்துத் திறந்ததாகச் சொல்ல முடியாது. வாய் சொன்னதும் கை தானாகத் திறந்தது. பிறகு நான் முழுவதும் சொன்னேன், உரக்கச் சொன்னேன், சுவர் அதிர்ந்திருக்கும்.

ஹெப்சி சோதனையையும் தீமையையும் தாண்டி, கைகளை விரித்து, ஆமென் வரைக்கும் போனாள்.

ஞானாபரணம் அத்தான் எழுந்தார். எழுபது வயது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். பட்டியலில் பேனாவை வைத்தார். ஹெப்சிபா தேவஇரக்கம் என்று பேர் எழுதுகிறதை நான் தலைகீழாகவே வாசித்தேன். எழுதிவிட்டு அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, என்னிடம் திரும்பினார்.

"கெசியா, நான் அன்னைக்குச் சொன்னது பெரிய தப்பு தாயி. அத அவட்ட எப்படிச் சொல்லணும்? அந்தக் கயித்துக்குக் கைய எப்படி வைக்கணும்?"

ஏழு வருஷத்துக்குப் பிறகு நான் அவரிடம் பேசின முதல் பேச்சு இது: "வலது கைய இப்படி மடக்குங்க அத்தான்."

மார்ச் 17, ஞாயிறு

கோயில் நிரம்பி வழிந்தது. பன்னிரண்டு பேர். வெள்ளைச் சேலையில் ஹெப்சி கடைசியாக முழங்கால் போட்டாள். பேராயர் தலையில் கை வைத்தார். அவள் தோள் குலுங்கியது.

பரமண்டல ஜெபம் சொல்லும் நேரம் வந்தபோது ஐயர், "இன்னைக்கு ஹெப்சிபா நடத்துவா," என்றார். அவள் பலிபீடத்தின் முன் திரும்பி நின்று கையை உயர்த்தினாள். சபை வாயால் தொடங்கியது. முன்பெஞ்சில் ஒரு கிழட்டுக் கை வட்டம் போட்டது, கிரீடத்தைக் கொஞ்சம் கோணலாக இறக்கியது. அத்தான்! எத்தனை மணிக்கு எழுந்து பழகினாரோ. அதைப் பார்த்து அக்கா கையைத் தூக்கினாள், அவர் பெண்டாட்டி. பிறகு பெஞ்சு பெஞ்சாகக் கைகள் எழுந்தன, தப்பும் தவறுமாக, பக்கத்துக் கையைப் பார்த்துப் பார்த்து. மகிமை என்று விரித்தபோது கோயில் முழுவதும் கை. மணியடிக்கிறவர்கூடக் கயிற்றை விட்டுவிட்டார். பேராயரும் கையை விரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது, நான் கேட்டேன், சத்தியமாகக் கேட்டேன், ஹெப்சி வாயைத் திறந்து சத்தமாகவே, "ஆமென்," என்றாள். அவள் சத்தத்தில், எப்படி வந்ததோ அப்படி. ஒருவரும் சிரிக்கவில்லை. மொத்தச் சபையும் அவளுக்குப் பின்னால் ஆமென் என்றது.

திருவிருந்து ஆரம்பித்தது. மணி பதினொன்று. நான் எழுந்தேன். வாசலில் நின்றிருந்த, ஐயருக்கு உதவியாளரான உபதேசியார், நான் போகிறேன் என்று வழிவிட்டார். நான் மறுபக்கம் நடந்தேன். ஹெப்சிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அத்தான் முழங்கால் போட்டோம். அப்பம் அவள் கையில் வந்தது, பிறகு என் கையில். இரண்டும் திறந்துதான் இருந்தன.

வீட்டுக்கு வந்தால் மாவு பொங்கி, குண்டான் மூடியைத் தள்ளி, தரையெல்லாம் ஓடிக் கிடந்தது. புளிப்பு வாடை தெருவரைக்கும். ஹெப்சி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மிச்சத்தை வழித்து, வெங்காயம் நறுக்கிப் போட்டு ஊத்தப்பம் சுட்டேன். புளித்த மாவில் ஊத்தப்பம் அமிர்தமாக இருக்கும்.

முதல் தட்டை ஹெப்சி மேலவீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். அத்தானுக்கு நாலு, அக்காவுக்கு மூணு.